யோகா வகுப்புப் பக்கம் தேடலில் தப்பாகத் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் ஒரு மாடி ஹாலில் யோகா சொல்லித் தரும் அக்கா ஒருவர் போன ஐப்பசியில் போன் செய்தார். “தம்பி, கூகுள்ல பாத்துட்டுத்தான் வர்றோம்னு சொல்றாங்க. ஆனா காலை வகுப்பு வேணும்ங்கிறவங்க சாயங்காலப் பக்கத்தைப் பாத்துட்டு வந்து நிக்கிறாங்க. முட்டி வலின்னு ஒரு பெரியவர் அஷ்டாங்க வகுப்புக்கு வந்துட்டார். சைட்ல என்னமோ தப்பு இருக்கு, பாரு.”

பார்த்தேன். மூன்று முறைகள்: ஹத, அஷ்டாங்க, ஐயங்கார். ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் காலை, மாலை. ஆக 12 பக்கங்கள். தேடலில் தலைப்பாக வரும் டைட்டில் பன்னிரண்டுக்கும் ஒன்றே: “Our Classes”, ஒரு கோடு, அப்புறம் நிலையத்தின் பெயர். அதற்குக் கீழே வரும் டிஸ்கிரிப்ஷனும் ஒன்றேதான். உடல், மனம், ஆன்மா என்று ஆரம்பித்து எங்கேயும் போய்ச் சேராத இரண்டு வரி. சைட் செய்து கொடுத்தவர் ஒரு பக்கத்தைச் செய்து பதினோரு தடவை நகலெடுத்திருந்தார்.

அந்தச் சைட்டைச் சரிசெய்தபோது பார்த்த அறிகுறிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## முதலில்: பக்கத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

வேர்ட்பிரஸ் உள்ளே நீங்கள் டைப் செய்தது ஒன்று, பக்கத்தில் வெளியே போவது இன்னொன்று என்று ஆவது ரொம்பச் சாதாரணம். அதனால் எடிட்டர் திரையை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் முகவரிக்கு முன்னால் `view-source:` என்று சேர்த்தால் போதும். கறுப்புத் திரை பழக்கமுள்ளவர்களுக்கு இது:

```
curl -s https://example.com/hatha/ | grep -i -E '<title|name="description"'
```

இரண்டு வரி வரவேண்டும்: ஒரு டைட்டில், ஒரு டிஸ்கிரிப்ஷன். டைட்டில் இரண்டு இருந்தால், தீமும் எஸ்.இ.ஓ. பிளகினும் ஆளுக்கொன்று போடுகின்றன என்று பெரும்பாலும் அர்த்தம். தீமின் பழைய `header.php` கோப்பில் கையால் எழுதிய டைட்டில் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் வாட்சப், இன்ஸ்டாகிராம் ஐகான்கள் எஸ்.வி.ஜி. படமாக இருந்தால் அவற்றுக்குள்ளும் `<title>` வரும். அது வேறு, அதனால் பாதகமில்லை. `<head>` பகுதிக்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

அக்காவின் சைட்டில் டைட்டில் ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டிலும் அதே ஒன்று என்பதுதான் வியாதி.

## அறிகுறி: நான் எழுதிய தலைப்பு ஒன்று, கூகுள் காட்டுவது வேறொன்று

கூகுள் நம் டைட்டிலை அப்படியே காட்டியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2021 ஆகஸ்டில் இதற்கான முறையை மாற்றினார்கள். அதிலிருந்து, டைட்டில் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று பட்டால், பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ, வாட்சப் போன்றவற்றில் பகிரும்போது தலைப்பாக வரும் `og:title` வரியிலிருந்தோ, மற்ற பக்கங்கள் இந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும் சொற்களிலிருந்தோ ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். அப்படி மாற்றினால் கோபப்பட்டுப் பயனில்லை. ஏன் மாற்றியது என்று பார்த்தால் நம் தவறு அங்கேயே தெரியும்.

யோகா வகுப்புப் பக்கங்களில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம், டைட்டிலும் எச்1 தலைப்பும் வேறு வேறு கதை சொல்வது. டைட்டிலில் “காலை ஹத யோகா” என்று இருக்கும். பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் “வாருங்கள், மூச்சோடு பழகுவோம்” என்று இருக்கும். கேட்க அழகுதான். ஆனால் அதில் முறை இல்லை, நிலை இல்லை, வேளை இல்லை. கூகுள் அதை எடுத்து மேலே போட்டால் தேடுபவருக்கு அது யோகா வகுப்பா, நீச்சல் வகுப்பா என்றே தெரியாது. அந்த வாசகம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்த வரியில் சின்ன எழுத்தில் இருக்கட்டும். எச்1 என்பது டைட்டிலையே கொஞ்சம் விரித்துச் சொல்வதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் ஊர்ப் பக்கம் அதிகம்: எழுத்து மாறுவது. பக்கம் முழுக்கத் தமிழ். டைட்டில் மட்டும் ஆங்கிலத்தில், “Morning Hatha Yoga Classes” என்று. ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள் என்ற நினைப்பு. பக்கத்தின் உள்ளடக்கம் எந்த மொழியிலும் எழுத்திலும் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்தில் டைட்டிலும் இருக்க வேண்டும் என்று 2022-இல் கூகுள் வெளிப்படையாகவே சொன்னது. பொருந்தவில்லை என்றால் உள்ளே இருக்கும் தமிழ்த் தலைப்பை எடுத்துக்கொள்ளக்கூடும். `kaalai yoga vaguppu` என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தாலும் இதே கதிதான்.

சரி, ஆங்கில எழுத்தில் தேடுபவர்களை என்ன செய்வது? அவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுக்க ஆங்கிலத்தில் தனிப் பக்கம் வையுங்கள். இரண்டும் ஒரே வகுப்பைப் பற்றியவை என்று இரண்டு பக்கத்திலும் இந்த இரண்டு வரியைச் சேருங்கள்:

```html
<link rel="alternate" hreflang="ta" href="https://example.com/ta/hatha/">
<link rel="alternate" hreflang="en" href="https://example.com/en/hatha/">
```

ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்தால் பலிக்காது. இரண்டிலும் இரண்டு வரியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் பராமரிக்க நேரமில்லை என்றால் ஏதாவது ஒரு மொழியில் ஒழுங்காக ஒரு பக்கம் வைப்பது மேல். பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று சாம்பாரில் ரசத்தை ஊற்றினால் இரண்டும் கெடும்.

மூன்றாவது, ஒரே டைட்டில் எல்லாப் பக்கத்திலும் இருப்பது. அக்காவின் சைட்டில் நடந்தது இதுதான். பன்னிரண்டும் “Our Classes” என்றிருந்ததால், கூகுள் சில பக்கங்களுக்கு எச்1 தலைப்பை எடுத்திருந்தது. எச்1 தலைப்போ நகலெடுத்தபோது பல பக்கங்களில் மாறவே இல்லை. அதனால் காலை வகுப்புப் பக்கத்தின் மேலும் “மாலை வகுப்பு” என்றே நின்றது. காலைக்குத் தேடியவர்கள் மாலைக்கு வந்ததன் மர்மம் அங்கேதான் இருந்தது.

## அறிகுறி: நான் எழுதிய இரண்டு வரி வராமல், போன் நம்பரும் காப்பிரைட்டும் வருகிறது

தலைப்புக்குக் கீழே வரும் அந்த இரண்டு வரியை, தேடுபவர் கேட்ட சொற்களைப் பார்த்து அந்தந்த நேரத்தில் கூகுள் முடிவு செய்கிறது. நாம் எழுதிய டிஸ்கிரிப்ஷன் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தால் அது வரும். இல்லையென்றால் பக்கத்துக்குள்ளிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போடும். ஒரே பக்கத்துக்கு ஒருவருக்கு ஒரு வரி, இன்னொருவருக்கு வேறு வரி வருவது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கிரிப்ஷனில் எதை எழுதினாலும் தேடல் வரிசையில் பக்கம் மேலே ஏறாது. கூகுள் அதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. கீவேர்ட்ஸ் டேகும் அப்படியே. அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள். இன்றும் அதில் நாற்பது சொல்லைத் திணித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்கிரிப்ஷனின் வேலை ஒன்றே: தேடுகிற ஆளைப் பார்த்து, “ஆமாம், உனக்கான வகுப்புதான்” என்றோ, “இது உனக்கில்லை” என்றோ சொல்வது.

அக்காவின் பக்கத்தில் “மாலை யோகா கும்பகோணம்” என்று தேடினால் கீழே வந்த வரி போன் நம்பர், பக்கத்தின் அடியிலிருந்த காப்பிரைட், அதற்கப்புறம் மெனுவின் நாலு சொல். ஏன்? பக்கத்தில் நேர அட்டவணை இருந்தது. ஆனால் அது படம். விஜயதசமிக்கு வாட்சப்பில் அனுப்புவதற்காக டிசைன் செய்த போஸ்டர். தாமரை, சூரியன், நடுவில் தங்க நிற எழுத்தில் வகுப்பு நேரங்கள். மனிதர் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் பக்கத்தின் எழுத்தில், எச்1 தலைப்பை விட்டால், “மாலை” என்ற சொல் மெனுவில் மட்டும்தான் இருந்தது. கூகுள் மெனுவை எடுத்ததில் அதன் மீது குற்றமில்லை.

இதைச் சோதிப்பது எளிது. பக்கத்தைத் திறந்து `Ctrl+F` அழுத்தி “மாலை” என்று தேடுங்கள். போஸ்டரில் இருக்கும் சொல் மஞ்சளாக மாறவில்லை என்றால் அது எழுத்தே இல்லை.

போஸ்டரை எடுக்கச் சொல்லவில்லை. அக்காவுக்கு அது பிடித்திருந்தது, இருக்கட்டும் என்றேன். அதற்கு மேலே, எச்1 தலைப்புக்கு நேர் கீழே, முழு வாக்கியமாக ஒரு பத்தி சேர்த்தோம்:

“கும்பகோணத்தில் புதியவர்களுக்கான ஹத யோகா வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கிறது. காலை வகுப்பு 5.30 முதல் 6.30 வரை, மாலை வகுப்பு 6 முதல் 7 வரை. இதற்கு முன் யோகா செய்ததே இல்லை என்றாலும் வரலாம்.”

அட்டவணையாகப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அட்டவணையிலிருந்து துண்டு வெட்டினால் “திங்கள் 5.30 6.00 செவ்வாய் 5.30” என்று எண்கள் வரிசையாக வந்து நிற்கும், எது காலை எது மாலை என்று தெரியாது. ஒரு வாக்கியம் மேலே இருந்தால் அதை எடுத்துக்கொள்ள வழி இருக்கும்.

துண்டில் வரவே கூடாத பகுதி ஏதாவது இருந்தால் அதற்கும் வழி உண்டு. இந்த அக்கா ஆடி மாதச் சலுகை என்று ஒரு பட்டையை எல்லாப் பக்கத்தின் தலையிலும் போட்டிருந்தார். (ஆடித் தள்ளுபடி யோகாவுக்கும் வந்துவிட்டது.) ஆடி போய் ஐப்பசி வந்தும் அது தேடலில் தெரிந்துகொண்டே இருந்தது. முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னேன். அடுத்த வருஷம் போடுவதானால் இப்படிப் போட்டுக்கொள்ளட்டும்:

```html
<div data-nosnippet>ஆடிச் சலுகை: முதல் மாதக் கட்டணம் பாதி</div>
```

பக்கத்தில் தெரியும், தேடல் துண்டில் வராது. `div`, `span`, `section` ஆகியவற்றில் மட்டும்தான் இது வேலை செய்யும்.

## அறிகுறி: ஆட்கள் வருகிறார்கள், ஆனால் தப்பான ஆட்கள்

இதற்கு எந்தக் கருவியும் எச்சரிக்கை கொடுக்காது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். தலைப்பில் இருக்கும் சொல்லுக்குத் தேடுபவர் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார், நிலையம் வேறு அர்த்தம் வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

அஷ்டாங்க யோகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெரியவர்களுக்கு அஷ்டாங்கம் என்றால் பதஞ்சலி சொன்ன எட்டு அங்கம்: இயமம், நியமம் தொடங்கிச் சமாதி வரை. நிதானமான ஒன்று என்று நினைப்பார்கள். வகுப்பில் சொல்லித் தருவதோ மைசூரில் பட்டாபி ஜோய்ஸ் பரப்பிய வரிசை; மூச்சோடு சேர்த்து ஆசனத்திலிருந்து ஆசனத்துக்குத் தாவி, வியர்க்க வியர்க்கச் செய்வது. முட்டி வலியோடு வந்த பெரியவர் ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பக்கத்தின் டைட்டிலை “அஷ்டாங்க யோகா, மைசூர் முறை” என்று மாற்றி, டிஸ்கிரிப்ஷனின் முதல் வாக்கியத்திலேயே “வேகமான பயிற்சி; முட்டி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல” என்று எழுதினோம். அக்கா தயங்கினார். “வர்றவங்களை நாமே வேண்டாங்கிற மாதிரி இருக்கே தம்பி?” ஆமாம் அக்கா, அதற்குத்தான். அந்தப் பெரியவர் ஐயங்கார் வகுப்புப் பக்கத்துக்குப் போயிருந்தால் இன்றைக்கு உங்களிடம் படித்துக்கொண்டிருப்பார்.

ஐயங்கார் என்றதும் இன்னொரு வேடிக்கை. பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை அது. நாற்காலி, பட்டை, கட்டை வைத்துக்கொண்டு உடம்பை நிதானமாகச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருவது. வெளிநாட்டில் “ஐயங்கார்” என்றால் யோகாதான் ஞாபகம் வரும். சாரங்கபாணி கோயில் இருக்கும் ஊரில் “ஐயங்கார் யோகா” என்று மட்டும் போட்டால், “அது அவங்க ஆத்துக்காரங்களுக்கு மட்டுமா?” என்று போனில் கேட்கிறார்கள். ஒருவர் நிஜமாகவே கேட்டார். அதனால் டைட்டிலில் “பி.கே.எஸ். ஐயங்கார் முறை யோகா” என்று முழுதாக வைத்தோம். பேக்கரி தேடுபவர்களும் இனி குழம்ப மாட்டார்கள்.

நிலைக்கு வைக்கும் பெயரிலும் இதே சிக்கல். “லெவல் 1”, “லெவல் 2” என்பது நிலையத்துக்கு உள்ளே புழங்கும் சொல். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, அப்படி யாரும் தேடுவதும் இல்லை. புதியவர்களுக்கு, ஆறு மாதம் செய்தவர்களுக்கு என்று எழுதினால் படிப்பவர் தன்னை எங்கே வைக்கலாம் என்று உடனே தெரிந்துகொள்வார். “அட்வான்ஸ்டு” என்று மட்டும் போட்டால், யூடியூப் பார்த்து இரண்டு வாரம் செய்தவரும் வந்து நிற்பார்.

வேளையைப் பற்றி ஒரு வார்த்தை. தேடுபவர் “காலை யோகா” என்றுதான் தேடுவார், “5.30 யோகா” என்று தேடுவது அரிது. அதனால் டைட்டிலில் காலை, மாலை என்ற சொல் போதும், மணி வேண்டாம். மணி டிஸ்கிரிப்ஷனிலும் பக்கத்திலும் இருக்கட்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மார்கழி. அந்த மாதம் விடியலில் பாதிப் பேர் கோயிலில் திருப்பாவைக்கு நிற்பார்கள். 5.30 வகுப்பை 6.30-க்குத் தள்ளாமல் முடியாது. டைட்டிலில் மணி இருந்தால், கூகுள் மறுபடி வந்து பார்க்கும்வரை பழைய நேரமே ஊருக்குத் தெரியும். மார்கழி முடிந்து பொங்கலும் வந்துவிடும். டிஸ்கிரிப்ஷனுக்கும் அந்தத் தாமதம் உண்டுதான். அதனால் மார்கழி பிறக்கச் சில வாரம் முன்பே அதில் “மார்கழியில் 6.30” என்று சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி: தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுப் புள்ளி வைத்து நிற்கிறது

டைட்டில் இத்தனை எழுத்துத்தான் இருக்க வேண்டும் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டும். அறுபது எழுத்து என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கு ஆங்கில எழுத்துக்கு வந்தது. தமிழில் அது இரண்டு விதத்தில் தப்பும்.

“கும்பகோணம்” என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடில் எண்ணும் கருவிக்கு அது பத்து. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் கருவி சிவப்பு காட்டினாலும் தலைப்பு முழுதாகத் தெரியலாம். அதே சமயம் ண, ஞ போன்ற எழுத்துகள் ஆங்கில எழுத்தைவிட அகலம். கருவி பச்சை காட்டினாலும் வெட்டுப்படலாம். எண்ணிக்கை விளையாட்டை விட்டுவிட்டு, உங்கள் போனில் `site:example.com` என்று தேடிக் கண்ணால் பாருங்கள்.

வெட்டு விழுந்தாலும் உயிர் போகாத மாதிரி எழுதுவதுதான் நிஜமான தீர்வு. பிரித்துக் காட்டும் சொற்கள் முன்னால், ஊர்ப் பெயரோ நிலையத்தின் பெயரோ கடைசியில். பெயர் வெட்டுப்பட்டால் பரவாயில்லை. “மாலை” வெட்டுப்பட்டால் போயிற்று. அக்காவின் ஹத யோகா பக்கம் கடைசியில் இப்படி ஆனது:

```html
<title>ஹத யோகா, புதியவர்களுக்கு – காலை, மாலை | கும்பகோணம்</title>
<meta name="description" content="கும்பகோணத்தில் இதுவரை யோகா செய்யாதவர்களுக்கான ஹத யோகா. காலை 5.30, மாலை 6 மணி; திங்கள் முதல் வெள்ளி. விரிப்பு மட்டும் கொண்டு வாருங்கள்.">
```

டைட்டிலில் “கும்பகோணம்”, டிஸ்கிரிப்ஷனில் “கும்பகோணத்தில்” என்று வேண்டுமென்றேதான் வைத்தேன். தட்டச்சு செய்பவர் முதலாவதைப் போடுவார், மைக்கை அழுத்திப் பேசுபவர் இரண்டாவதைச் சொல்வார். வேற்றுமை உருபு ஏறினால் நம் ஊர்ப் பெயர்களின் வடிவமே மாறிவிடுகிறது. அதனால் இரண்டு வடிவமும் பக்கத்தில் இயல்பாக வரும்படி எழுதுவது நல்லது. மயிலாடுதுறையில் நிலையம் நடத்துபவர்கள் பக்கத்துக்குள் எங்காவது ஒரு வாக்கியத்தில் “மாயவரம்” என்றும் எழுதிவிடுங்கள். 1982-இல் பெயர் மாறினாலும் சுற்றுவட்டாரத்தில் வாய் இன்னும் மாறவில்லை. டைட்டிலில் இரண்டு பெயரையும் திணிக்க வேண்டாம்.

## அறிகுறி: ஒரே தேடலுக்கு இன்று ஒரு பக்கம், நாளை வேறு பக்கம்

எந்தத் தேடலில் உங்கள் பக்கம் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் `Performance` பகுதிக்குப் போய் ஒரு தேடல் சொல்லை அழுத்திவிட்டு `Pages` தாவலைப் பாருங்கள். ஒரே சொல்லுக்கு நாலைந்து பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தால், எது சரியான பக்கம் என்று கூகுளுக்கே தெரியவில்லை என்று பொருள்.

சின்ன ஊர்க்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. சென்னையில் நூறு பேர் தேடும் சொல்லை இங்கே மூன்று பேர் தேடுவார்கள். அது பட்டியலில் வராமல் போகும். பட்டியலில் உள்ள கிளிக்கைக் கூட்டிப் பார்த்தால் மொத்தக் கிளிக்கோடு பொருந்தாது. பட்டியலில் இல்லை என்பதால் யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாகச் சேருபவரிடம் “என்ன போட்டுத் தேடினீங்க?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவது, டெல்டா ஊர்களில் கன்சோலைவிட நல்ல தகவல் தரும். அக்கா அப்படி ஒரு நோட்டு போட்டார்.

பன்னிரண்டு பக்கத்தை என்ன செய்தோம் என்றால், ஒரே வகுப்பு காலையிலும் மாலையிலும் நடந்தால் அது ஒரே பக்கம் என்று வைத்தோம். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், கட்டணம் ஒன்று. மணி மட்டும் மாறுகிறது. அதற்கு இரண்டு பக்கம் போட்டால் இரண்டிலும் ஒரே எழுத்துத்தான் இருக்கும், கூகுள் ஒன்றை நகல் என்று ஒதுக்கிவிடும். ஹதவில் இரண்டு நிலைக்கு இரண்டு, ஐயங்கார் முறையில் இரண்டு. அஷ்டாங்கத்தில் இரண்டு நிலை என்பது பேருக்குத்தான், எல்லோரும் ஒரே ஹாலில் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்று தெரிந்ததால் ஒன்று. ஆக ஐந்து.

ஆறாவது பக்கம் நோட்டிலிருந்து வந்தது. காலை 11 மணிக்குப் பெண்களுக்கு மட்டும் ஒரு ஹத வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டு வருகிறவர்களுக்காக. பழைய சைட்டில் அது ஒரு பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாகக் கிடந்தது. நோட்டில் நாலு பேர் “லேடீஸ் யோகா” என்று தேடியதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கே வேளை மட்டும் மாறவில்லை, வருபவரே மாறுகிறார். அதனால் தனிப் பக்கம்: “பெண்களுக்கான ஹத யோகா – பகல் 11 மணி | கும்பகோணம்”. டைட்டிலில் மணி வேண்டாம் என்று மேலே சொன்னதை இங்கே நானே மீறினேன். பகல் என்று மட்டும் சொன்னால் எந்த வேளை என்று புரியாது. மேலும் இந்த நேரம் மார்கழியிலும் மாறுவதில்லை.

நின்றுபோன பழைய முகவரிகளை அழித்துவிடாமல், அவற்றுக்குப் பொருத்தமான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போட்டோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சுலபம், ஆனால் அது தப்பு. மாலை ஹத வகுப்பைத் தேடி வந்தவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது போல.

## அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் “பக்கத்தில் யோகா” தேடலில் வரவில்லை

அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. `yoga near me` மாதிரித் தேடலுக்கு முதலில் வருவது வரைபடமும் மூன்று கடைகளும். அது கூகுள் பிசினஸ் புரொஃபைலிலிருந்து வருவது. அங்கே வகை, முகவரி, தூரம், விமர்சனம் பேசும். அங்கே வேலை நடக்க வேண்டும் என்று நிலையத்தின் பெயரோடு “காலை மாலை யோகா கும்பகோணம்” என்று ஒட்டாதீர்கள். பலகையில் இருக்கும் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் புரொஃபைலையே முடக்கக்கூடும்.

## அறிகுறி: மாற்றிவிட்டேன், இன்னும் பழையதே தெரிகிறது

கூகுள் மறுபடி வந்து படிக்கும்வரை பழையதுதான். சர்ச் கன்சோலில் `URL Inspection` பெட்டியில் முகவரியைப் போட்டு `Request Indexing` அழுத்தலாம். அதற்கப்புறமும் சில நாளிலிருந்து சில வாரம் ஆகலாம். திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. அதே பெட்டியில் `View crawled page` என்பதை அழுத்தினால் கூகுள் கடைசியாகப் படித்த பிரதி தெரியும். அதில் உங்கள் புதிய டைட்டில் இருந்தும் தேடலில் பழையது நின்றால், கேஷ் பிரச்சினை இல்லை; முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய் எச்1 தலைப்பைப் பாருங்கள். அதில் புதியது இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும், அல்லது உங்கள் கேஷ் பிளகின் பழைய பக்கத்தையே எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருக்கிறது. அதைக் காலி செய்துவிட்டு, மேலே கொடுத்த `curl` வரியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

வாட்சப்பில் இணைப்பை அனுப்பும்போது பழைய தலைப்பு வந்தால் அது வேறு வரி: `og:title`. பிளகினில் “சோஷியல்” என்ற தாவலில் யாராவது முன்பு கையால் எழுதியிருப்பார்கள். அதைக் காலியாக விட்டால் பெரும்பாலான பிளகின்கள் டைட்டிலையே எடுத்துக்கொள்ளும்.

அக்காவின் பக்கங்களில் நாலு சீக்கிரமே மாறிவிட்டன. அஷ்டாங்கம் மட்டும் கார்த்திகை முடியும்வரை பழைய தலைப்போடு நின்றது. எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பு இல்லை. மெனுவில் சேர்க்க நான்தான் மறந்திருந்தேன். சேர்த்த பிறகு அதுவும் மாறியது. மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் அக்கா மறுபடி போன் செய்தார், 6.30 என்று எல்லா இடத்திலும் போட்டாயிற்றா என்று கேட்க. போஸ்டரில் மட்டும் இன்னும் 5.30 என்றே இருந்தது.